பாத்தி ஓரத்தில் ஒரு மழைமானி: முன்னறிவிப்பை நீர் ஊற்றும் முடிவாக மாற்றுவது எப்படி?

"பிற்பகலில் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." சிங்கப்பூரில் ஆண்டின் பல மாதங்களில் 24 மணி நேர முன்னறிவிப்பு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். அது பெரும்பாலும் பலிக்கும். தீவில் எங்கோ ஓரிடத்தில் அன்று பிற்பகல் மழை கொட்டியிருக்கும். ஆனால் சுவா சூ காங்கில் சமூகத் தோட்டம் ஒன்றில் தண்டுக்கீரைப் பாத்தி வைத்திருப்பவருக்கு வேண்டிய செய்தி வேறு. அந்தச் "சில பகுதிகளில்" தன் பாத்தியும் ஒன்றா? இன்று காலை நீர் ஊற்றுவதா, மழைக்காகக் காத்திருப்பதா? நாளைக்குப் போட எடுத்துவைத்த உரத்தை இன்றே போட்டுவிடலாமா?

இந்தக் கேள்விகளுக்கு முன்னறிவிப்பு மட்டும் விடை தராது. பாத்தியில் இதுவரை எவ்வளவு மழை விழுந்தது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் இனி வரப்போகும் மழையைப் பற்றிய செய்தி பயன்படும். அந்தக் கணக்கை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது, அதையும் முன்னறிவிப்பையும் சேர்த்து ஒரு முடிவுக்கு எப்படி வருவது என்பதைப் புதிதாகப் பாத்தி எடுத்தவர்களுக்காகவும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் சிறு பண்ணைகளில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். தேவையான பொருள்கள் நான்கு: ஒரு மழைமானி, நிழலில் மாட்டிய ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, கைப்பேசி.

முதலில் மழைமானி

மழையை ஏன் மில்லிமீட்டரில் அளக்கிறோம் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மழைநீர் எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல் அப்படியே தேங்கி நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுவே மழையளவு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மி.மீ. உயரம் நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். ஆகவே 6 சதுர மீட்டர் பாத்தியில் 10 மி.மீ. மழை பெய்தால் வானம் 60 லிட்டர் ஊற்றிவிட்டது என்று பொருள். பத்து லிட்டர் பூவாளியால் ஆறு நடை. இனி வரும் கணக்கு எல்லாம் இந்த ஒரு சமன்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

எளிய மழைமானி என்பது மேலே ஒரு புனல், கீழே ஒரு சேகரிப்புக் குவளை, அளப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழல். இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது, அளவுக்குழலும் புனலும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்டவை என்பதை. புனல் வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் 1 மி.மீ. மழைக்கு 20 மி.லி. நீர் சேரும். பரப்பு 100 சதுர செ.மீ. என்றால் 10 மி.லி. மட்டுமே சேரும். முதல் புனலில் சேர்ந்த நீரை இரண்டாவது புனலுக்கான குழலில் ஊற்றி அளந்தால் ஒவ்வொரு மழையும் இரண்டு மடங்காகத் தெரியும்.

இந்தப் பிழையை நானே செய்தேன். பழைய குழல் கைதவறி உடைந்தது. வேறொன்று வாங்கி வைத்து, ஐந்து வாரம் நிம்மதியாக அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் என் அளவு அருகிலுள்ள அதிகாரபூர்வ நிலையத்தைவிட அதிகமாக இருந்தது. "மழை இங்கே நன்றாகப் பெய்திருக்கிறது" என்று எண்ணினேன். அது தவறான எண்ணம் இல்லை. இங்கே இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் ஓரிடம் நனைந்து மற்றோரிடம் காய்வது வழக்கம். ஆனால் ஐந்து வாரக் கூட்டுத்தொகையும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தபோதுதான் ஐயம் வந்தது. ஒரு நாள் வேறுபாடு இயற்கை. இன்று இங்கே கூடுவது நாளை அங்கே கூடும். ஒரு மாதத்தில் பெருமளவு ஈடாகிவிடும். மாதம் முழுவதும் ஒரே திசையில், ஒரே விகிதத்தில் வேறுபாடு தொடர்ந்தால் குற்றம் வானத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. புனல் வாயின் உள்விட்டத்தைச் செ.மீ.இல் அளந்து, அதில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். அதை 10ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு எத்தனை மி.லி. என்பது தெரியும். 16 செ.மீ. விட்டம் என்றால் 8 × 8 × 3.14, அதாவது 201 சதுர செ.மீ.; ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 20 மி.லி. இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். குழல் உடைந்தாலும் சமையலறை மி.லி. குவளையை வைத்தே வேலையைத் தொடரலாம்.

எங்கே வைப்பது? கட்டடம், மரம் போன்ற தடைகளிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தொலைவில் இருக்க வேண்டும் என்பது விதி. 4 மீட்டர் உயரமுள்ள கொட்டகைக்கு 8 மீட்டர் தள்ளி வைக்கலாம். பன்னிரண்டு மாடி வீவக அடுக்குமாடிக்கு எழுபது மீட்டருக்குமேல் தள்ளி வைக்கத் தோட்டத்தில் இடம் இருக்காது. ஆகவே கிடைப்பதில் மிகத் திறந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று குறிப்பேட்டில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும் மழையில் உங்கள் அளவு குறையும் என்பது பிறகு படிக்கும்போது விளங்கும். தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் மட்டும் வைக்க வேண்டாம். மழை நின்ற பிறகும் இலை சொட்டும். இலைச் சருகு புனலை அடைக்கும். புனல் வாய் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்கட்டும். இன்னும் தாழ்வாக வைத்தால் கனமழையில் மண்ணிலிருந்து தெறிக்கும் நீரும் உள்ளே விழும்.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு கவனமும் வேண்டும். மழைமானி என்பது நீர் தேங்கும் ஒரு பாத்திரம். ஏடிஸ் கொசு முட்டையிட அதற்குமேல் எதுவும் வேண்டாம். தினமும் காலையில் அளந்தவுடன் நீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் சேகரிப்புக் குவளையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். பத்து நாள் பதிவு விட்டுப்போவது பெரிய இழப்பு இல்லை.

பண்ணைகளில் பெரும்பாலும் தானியங்கி மானி இருக்கும். அதன் உள்ளே துலாக்கோல்போல் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து நீரைக் கொட்டும், மற்றொன்று மேலே வரும். பல மானிகளில் ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்று கணக்கு. வசதியான கருவிதான். ஆனால் இரண்டு இடங்களில் ஏமாற்றும். கடுமழையில் கிண்ணம் கவிழும் அந்த நொடியில் விழும் நீர் கணக்கில் சேராமல் போகும். அதனால் மிகக் கனத்த மழைகளைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது, புனலில் சருகோ எறும்புக்கூடோ அடைத்துக்கொள்வது. அதைக் கண்டுபிடிக்கப் பதிவையே பார்க்கலாம். வெளியே மழை நின்று வெயில் வந்த பிறகும், மூன்று நான்கு மணி நேரத்துக்குச் சீரான இடைவெளியில் 0.2, 0.2 என்று விழுந்துகொண்டே இருந்தால் அது தூறல் இல்லை. அடைபட்ட புனலிலிருந்து கசியும் பழைய மழை.

மாதம் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. 200 சதுர செ.மீ. புனலில் 0.2 மி.மீ. என்பது 4 மி.லி. நீர். அளந்த 400 மி.லி. நீரை, அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலிலிருந்து அரை மணி நேரத்துக்கு மெதுவாகச் சொட்டவிடுங்கள். நூறு கவிழ்ப்பு வர வேண்டும். தொண்ணூறுதான் வந்தால் கிண்ணங்களைக் கழுவி மீண்டும் சோதியுங்கள்.

வெப்பமானி: ஒரே ஒரு சோதனை

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தத் தீவில் அது நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. பகலில் 31 முதல் 33 டிகிரி, இரவில் 23 முதல் 25 டிகிரி என்பதே பெரும்பாலான நாள்களின் கதை.

வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளக்க வேண்டும், வெயிலின் சூட்டை அளக்கக் கூடாது. அதற்காகத்தான் வானிலை நிலையங்களில் அதை வெள்ளைப் பூச்சுள்ள, நான்கு பக்கமும் சாய்வுப் பலகை வைத்த பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். சாய்வுப் பலகை காற்றை மட்டும் உள்ளே விடும். தோட்டத்தில் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டால் அதே வேலையைச் செய்யும். சுவரிலும் கான்கிரீட் தரைக்கு அருகிலும் மாட்ட வேண்டாம்.

உங்கள் அமைப்பு சரியா என்று அறிய ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பம் 37.0 டிகிரி. 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அந்த அளவைத் தொட்டது. உங்கள் வெப்பமானி ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை 39 காட்டினால் அது புதிய சாதனையாக இருக்க வாய்ப்பில்லை. வெயில் எங்கோ உள்ளே புகுந்திருக்கிறது.

குறிப்பேடு: ஒரே நேரம், ஒரே கை

தினமும் காலை 8 மணி. அந்த நேரத்தை மாற்றாதீர்கள். முந்தைய நாள் காலை 8 மணியிலிருந்து இன்று காலை 8 மணிவரை விழுந்த மழை இன்றைய தேதிக்கு நேராக எழுதப்படும். ஒருநாள் 7 மணிக்கும் மறுநாள் 11 மணிக்கும் அளந்தால் ஒரு நாளின் மழை இரண்டாக உடையும், அல்லது இரண்டு நாள் மழை ஒன்றாகச் சேரும்.

எழுதும்போது மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். மழையே இல்லை என்றால் 0. சில துளிகள் விழுந்தன, அளக்க முடியவில்லை என்றால் "துளி". அன்று யாரும் அளக்கவில்லை என்றால் ஒரு கோடு. விட்டுப்போன நாளுக்கு 0 போடுவதுதான் பதிவேடுகளைக் கெடுக்கும் மிகப் பெரிய பழக்கம். ஆறு மாதம் கழித்து அது வறண்ட நாளா, நாம் வராத நாளா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் நீர் சேர்ந்திருந்தால் "2 நாள் சேர்த்து" என்று அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரபூர்வப் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. `weather.gov.sg` தளத்தில் நிலையத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால் நாள்வாரி மழை, அதிக, குறைந்த வெப்பம் எல்லாம் அட்டவணையாக வரும். அருகிலுள்ள நிலையத்தில் சற்றுமுன் விழுந்த மழையை ஐந்து நிமிட அளவுகளாகப் பார்க்க வேண்டும் என்றால் கீழுள்ள முகவரியை உலாவியில் திறக்கலாம்:

```
https://api-open.data.gov.sg/v2/real-time/api/rainfall
```

ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் நாள் காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. அட்டவணையின் நாள் அப்படித் தொடங்க வேண்டும் என்பதில்லை. விடியற்காலை மழை அங்கே ஒரு தேதியிலும் இங்கே வேறொரு தேதியிலும் விழுந்ததாகத் தெரியலாம். வாரக் கூட்டுத்தொகையை ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இன்னொரு குழப்பமும் இங்கு வாழும் நம்மவர்களுக்கு வருவதுண்டு. சிங்கப்பூரில் 0.2 மி.மீ. பெய்தாலே அது மழை நாள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 2.5 மி.மீ. பெய்தால்தான் மழை நாள். ஊரில் இருக்கும் அப்பாவிடம் "இந்த மாதம் இங்கே பதினைந்து நாள் மழை" என்று சொல்லும்போது, அவர் மனத்தில் எண்ணும் பதினைந்து நாள் வேறு.

வருவது எந்த மழை?

முன்னறிவிப்பைப் படிக்கும்போது பெரும்பாலோர் "மழை உண்டா, இல்லையா" என்று மட்டும் பார்க்கிறார்கள். விவசாயிக்கு அதைவிட முக்கியமான கேள்வி, வருவது எந்த வகை மழை என்பது. இங்கே இரண்டு வகைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டாலே போதும்.

ஒன்று பிற்பகல் இடிமழை. காலை வெயிலில் நிலம் சூடாகி, கடற்காற்று உள்ளே வந்து மோதும் இடத்தில் மேகம் நின்ற நிலையிலேயே வளர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். கைப்பேசியில் பார்க்கும் ரேடார் மழைப் படத்தில் எங்கிருந்தும் நகர்ந்து வராமல் தீவின் நடுவில் திடீரென்று ஒரு பொட்டுபோல் முளைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஒரு பேட்டையில் 40 மி.மீ., அடுத்த பேட்டையில் ஒன்றுமில்லை என்பது இந்த வகையில்தான். எங்கே முளைக்கும் என்பதை அன்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. முன்னறிவிப்பாளரின் குறை அல்ல அது. அந்த மழையின் இயல்பு.

மற்றது சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர்வரை, பெரும்பாலும் விடியலுக்குமுன் அல்லது காலையில் வரும். சுமத்ரா தீவின் பக்கமோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகி, நீண்ட கோடாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகரும். படத்தில் அந்தக் கோடு நெருங்கி வருவதைக் கண்ணாலேயே காணலாம். துவாஸ், லிம் சூ காங் முதலில் நனையும், சாங்கி கடைசியில். கோடு அகலமானது என்பதால் தீவின் பெரும்பகுதி நனைந்துவிடும். கூடவே பலத்த காற்று வீசும், ஒன்று இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். முன்னறிவிப்பில் "விடியற்காலையிலும் காலையிலும் பரவலாக, பலத்த காற்றுடன் கூடிய மழை" என்று வந்தால் இந்த மழையைத்தான் குறிக்கிறார்கள்.

"சில பகுதிகளில்", "பரவலாக" என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, காலையில் பூவாளியை எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும். `myENV` செயலியில் இரண்டு மணி நேர முன்னறிவிப்பு வட்டாரம் வட்டாரமாக வரும்; 24 மணி நேர முன்னறிவிப்பு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடுப்பகுதி என்று ஐந்தாகப் பிரித்து வரும். காலையில் திட்டமிட 24 மணி நேர முன்னறிவிப்பு, வேலையில் இருக்கும்போது மழைப் படம். இதற்குமேல் நான் எதையும் பார்ப்பதில்லை.

பாத்திக்கு ஒரு வரவு செலவு

இப்போது கணக்கு. பாத்தியின் மண்ணை ஒரு பணப்பை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மழையும் நாம் ஊற்றுவதும் வரவு. மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியாக வெளியேறுவதும் செலவு. இலை மூடி வளர்ந்த கீரைப் பாத்திக்கு இங்கே நாளொன்றுக்கு 4 மி.மீ. செலவு என்று வைத்துத் தொடங்கலாம். நாள் முழுவதும் மூடிக்கிடந்தால் 2 அல்லது 3 ஆகும். பிப்ரவரி வெயிலில், காற்றும் அடித்தால் 5 ஆகும்.

பைக்கும் கொள்ளளவு உண்டு. மட்கு கலந்த மேட்டுப்பாத்தியில் கீரை வேர் சுமார் 20 செ.மீ. ஆழத்துக்கு இறங்குகிறது என்றால், அதில் செடி எடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 30 மி.மீ. கீரை வாடாமல் தளதளவென்று இருக்க வேண்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல், அதாவது 10 மி.மீ.க்குமேல் குறையவிடக் கூடாது. ஆகவே நாம் கண்காணிப்பது ஒரே எண்: பற்றாக்குறை. நிறைந்த நிலையில் அது 0. பத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறைந்த பைக்குமேல் விழும் மழை வடிந்து போகும். அதைச் சேர்த்து வைக்க முடியாது.

2 மி.மீ.க்குக் குறைந்த மழையை வரவில் சேர்க்க வேண்டாம். அது இலையை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும், வேருக்குப் போகாது. கணினி அட்டவணையில் வைத்துக்கொள்ள விரும்பினால் B நிரலில் மழை, C நிரலில் காலையில் ஊற்றிய நீர் மி.மீ.இல், D நிரலில் காலை 8 மணிப் பற்றாக்குறை. D3 கட்டத்தில் எழுத வேண்டியது:

```
=MAX(0, D2-C2+4-IF(B3<2,0,B3))
```

ஒரு வாரத்தை நடத்திப் பார்ப்போம். ஜூலை மாதம், சுவா சூ காங், 6 சதுர மீட்டர் தண்டுக்கீரைப் பாத்தி.

திங்கள் காலை மானியில் 23 மி.மீ. பாத்தி நிறைந்துவிட்டது, பற்றாக்குறை 0. செவ்வாய் காலை மழை 0. ஒரு நாள் செலவு 4, பற்றாக்குறை 4. எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதன் காலை மானியில் 1.4 மி.மீ. இருக்கிறது. மண்ணின் மேல்தோல் கறுத்திருக்கும். "நேற்று மழை பெய்ததே" என்று தோன்றும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள், உள்ளே மாற்றம் இருக்காது. அந்த மழையைச் சேர்க்காமல், பற்றாக்குறை 8.

புதன் முன்னறிவிப்பு: பிற்பகலில் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை. காத்திருந்து மழை வராவிட்டால் வியாழன் காலை பற்றாக்குறை 12 ஆகும், எல்லையைத் தாண்டிவிடும். முழுதாக 8 மி.மீ. ஊற்றிவிட்டுப் பிற்பகலில் மழையும் வந்தால் ஊற்றியது வீண். ஆகவே பாதி ஊற்றுவோம்: 4 மி.மீ., அதாவது 24 லிட்டர். மழை வந்தால் அதை வாங்கிக்கொள்ளப் பையில் இடம் இருக்கும். வராவிட்டாலும் நாளை வரை செடி தாங்கும். அன்று பிற்பகல் கிழக்கே தெம்பனிஸ் பக்கம் கொட்டித் தீர்த்தது, இங்கே ஒரு துளி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை பற்றாக்குறை மீண்டும் 8. புதனன்று இருந்த அதே எண். ஆனால் முன்னறிவிப்பு இப்போது வேறு: வெள்ளி விடியற்காலையில் பரவலாக, பலத்த காற்றுடன் மழை. இன்று ஊற்றவில்லை. பகல் செலவு சேர்ந்து மாலைக்குள் 12 ஆகும் என்பது தெரியும். இலைகள் சற்றே தொய்யலாம். ஆனால் இரவில் செலவு மிகக் குறைவு, விடிவதற்குள் மழை வரும் வாய்ப்பு அதிகம். நாற்றுகளுக்கு மட்டும் ஒரு பூவாளி. அன்று போடுவதாக இருந்த உரத்தையும் தள்ளிவைக்கிறோம்.

வெள்ளி காலை மானியில் 18.6 மி.மீ. பன்னிரண்டு பற்றாக்குறையை நிரப்பியது போக 6.6 மி.மீ. மீதி. அது பாத்தியின் அடியில் வடிந்துவிட்டது. 6 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 லிட்டர். வியாழனன்று உரம் போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தின் ஒரு பகுதியை அந்த நாற்பது லிட்டர் வேருக்குக் கீழே இழுத்துச் சென்றிருக்கும். வியாழன் முழு அளவு நீரும் ஊற்றியிருந்தால் வடிந்தது இன்னும் 48 லிட்டர் கூடியிருக்கும்.

ஒரே 8 என்ற எண்ணுக்குப் புதனன்று ஒரு முடிவு, வியாழனன்று வேறு முடிவு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அதுதான்.

பிறருக்கு எழுதும்போது

தோட்டத்தில் பலர் முறைவைத்து நீர் ஊற்றுவார்கள். அவர்களுக்கு முன்னறிவிப்பை அப்படியே அனுப்புவதால் பயன் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். இதற்கு நல்ல மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வேளாண் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்டவாரியாக வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகிறது. கடந்த நாள்களில் என்ன நடந்தது, அடுத்த ஐந்து நாள்களுக்கு மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று எப்படி இருக்கும், இந்தப் பருவத்தில் நிற்கும் பயிருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதே அதன் வரிசை. ஊரில் நிலம் இருப்பவர்கள் 2019இல் வந்த மேகதூத் செயலியில் தம் மாவட்டத்து அறிக்கையை இங்கிருந்தே படிக்கலாம்.

அதே வரிசையில் நம் தோட்டத்துக்கு எழுதினால் வியாழக்கிழமைக் குறிப்பு இப்படி இருக்கும்:

"வியாழன் காலை 8.30. திங்கள் காலைக்குப் பிறகு பாத்தியில் பயன்படும்படியான மழை இல்லை. பற்றாக்குறை 8 மி.மீ. நாளை விடியற்காலையில் பலத்த காற்றுடன் பரவலான மழைக்கு வாய்ப்பு அதிகம். இன்று நாற்றுகளைத் தவிர வேறு எதற்கும் நீர் ஊற்ற வேண்டாம். உரம் போட வேண்டாம். வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டாம். நேற்று விதைத்த பாத்தியின் மேல் வலை விரியுங்கள். புடலைப் பந்தலின் கட்டுகளை இறுக்குங்கள். வெள்ளி காலை 8 மணிக்கு மானியில் 5 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் ஒவ்வொரு பாத்திக்கும் 48 லிட்டர் ஊற்றவும். இந்தக் குறிப்பு நாளை காலை 8 மணி வரைதான்."

இதில் கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடக் கூடாது. மழை வராமல் போனால் என்ன செய்வது என்பதும், குறிப்பு எப்போது காலாவதியாகிறது என்பதும் இல்லாத அறிவுரையைப் பின்பற்றியவர், ஒருமுறை பயிர் வாடியதும் அடுத்த முறை உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். எங்கள் தோட்டத்தில் மூத்தவரான ஓர் அண்ணன் என் முதல் குறிப்பைப் படித்துவிட்டு, "மழை வரும் என்று எழுதியிருக்கிறாய் தம்பி, சரி. வராவிட்டால் நான் எத்தனை மணிக்குக் குழாயைத் திறப்பது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வரி இல்லாமல் நான் குறிப்பு எழுதியதில்லை.

இந்தக் கணக்கு எங்கே பொருந்தாது?

கூரை போட்ட பண்ணைக்கு வரவுப் பக்கம் கிடையாது. மழை உள்ளே வராது. நீர் முழுவதும் நீங்கள் தருவதே. அங்கே மழைமானியைவிட வெப்பமானிக்கு வேலை அதிகம், அதையும் கூரைக்குள்ளேயே வைக்க வேண்டும். நீரில் வளர்க்கும் கீரைக்குக் காற்றின் வெப்பத்தோடு தொட்டிக் கரைசலின் வெப்பத்தையும் அளந்து எழுதுங்கள். கரைசல் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். வேர் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான். நிழல் வலைக்குக் கீழே மழை வரும், ஆனால் குறைந்தும் ஒழுங்கில்லாமலும் வரும். வெளியே ஒரு மானியும் வலைக்குக் கீழே ஒரு சாதாரண நேர்ச்சுவர்க் குவளையும் வைத்து ஒரு மாதம் ஒப்பிட்டால் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது தெரிந்துவிடும்.

நீண்ட வறட்சியில் இந்தக் கணக்கு பிழையாகாது, ஆனால் கையாளும் முறை மாறும். டிசம்பரில் சராசரியாக 330 மி.மீ. அளவுக்குப் பெய்யும் இதே தீவில் பிப்ரவரி சராசரி சுமார் 105தான். 2014 பிப்ரவரியில் சாங்கி நிலையத்தில் மாதம் முழுவதும் பதிவானது 0.2 மி.மீ. அப்படிப்பட்ட வாரங்களில் "சில பகுதிகளில் மழை" என்ற வரிக்காகக் காத்திருக்க வேண்டாம். பற்றாக்குறை எட்டைத் தொட்டதும் முழுதாக ஊற்றிவிடுங்கள்.

4 என்ற எண் என் பாத்திக்குப் பொருந்தியது. உங்களுடையதற்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. மழையில்லாத மூன்று நாள்களுக்குப் பிறகு, கணக்கு 12 காட்டும் காலையில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். பத்து செ.மீ. ஆழத்தில் ஒரு பிடி எடுத்து அழுத்தும்போது உருண்டையாகச் சேர்ந்து நின்றால் செலவு அவ்வளவு ஆகவில்லை. அடுத்த வாரம் 3 போட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் 5. இரண்டு மூன்று முறை இப்படித் தோண்டிய பிறகு கிடைக்கும் எண்ணை, புனலின் மி.லி. அளவுக்குக் கீழே, அதே முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.